யூரியாவில் தழைச்சத்தை அளப்பது எப்படி?

யூரியா மூட்டையின் மேல் 'நைட்ரஜன் 46%' என்று அச்சிட்டிருக்கும். 2018-இல் மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. அதன்படி ஒரு மூட்டை வாங்கும் உழவருக்குச் சேர வேண்டிய தழைச்சத்து 20.7 கிலோ. அது உள்ளே இருக்கிறதா என்பதைக் குருணையைக் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில்தான் சொல்ல முடியும். அதற்கு இன்றும் நம்பகமான வழி, டென்மார்க் நாட்டின் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், தானியத்தில் உள்ள புரதத்தை அளப்பதற்காக அவர் அதை உருவாக்கினார். அமிலத்தில் செரிப்பது, அமோனியாவாக வடிப்பது, வடிந்ததைத் தரம் பார்ப்பது என்ற மூன்று கட்டங்கள் அன்றிலிருந்து மாறவில்லை.

யூரியாவை எடுத்துக்காட்டாக எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் யூரியாவில் குறைந்தது 46.0 சதவீதம் நைட்ரஜன் இருக்க வேண்டும். கலப்பே இல்லாத தூய யூரியாவில், அதன் மூலக்கூறு எடையின்படி இருக்கக்கூடியது 46.65 சதவீதம். அதற்கு மேல் இருக்கவே முடியாது. ஆக, சட்டம் போட்ட தரைக்கும் வேதியியல் போட்ட கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.65 மட்டுமே. ஆய்வில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேர்ந்தாலே முடிவு 0.46 நகர்ந்துவிடும். நல்ல யூரியா தரமற்றதாகிவிடும், அல்லது தரமற்றது தப்பிவிடும். அதனால் இந்த ஆய்வில் கற்க வேண்டிய முதல் பாடம், நைட்ரஜன் எங்கே தொலையும், எங்கிருந்து வந்து கூடும் என்பதுதான். கீழே வரும் படிகளையெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தோடுதான் சொல்லப்போகிறேன்.

மாதிரியும் எடையும்

யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தராசைத் தேடினால், எடைபோடுவதற்குள் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும். அதனால் புட்டியை நன்றாகக் குலுக்கிக் கலந்து, மூடி போட்ட சிறு எடைக்குப்பியில் வேண்டிய அளவைத் தட்டிக்கொண்டு, உடனே மூடிவிட வேண்டும். குப்பியோடு ஒருமுறை எடைபார்த்து, உள்ளே இருப்பதைச் செரிப்புக் குடுவையில் கொட்டி, வெறும் குப்பியை மறுபடி எடைபார்த்தால் வித்தியாசமே மாதிரியின் எடை. தராசு நான்கு தசமம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். நாம் பின்தொடரப்போகும் மாதிரியின் எடை 1.0124 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

கொட்டும்போது குருணைகள் குடுவையின் நீண்ட கழுத்தில் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஏறத்தாழ 20 மில்லி காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, கழுத்தைச் சுற்றிக் கழுவி எல்லாவற்றையும் அடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கழுத்திலேயே தங்கிவிட்ட குருணைக்கு அமிலம் எட்டாது. ஒரு கிராம் மாதிரியில் ஒரு குருணை குறைந்தாலும் இரண்டாம் தசமம் பேசும்.

ஈரப்பதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். யூரியாவை 105 பாகையில் உலர்த்தினால் ஈரத்தோடு யூரியாவே சிதைந்து அமோனியாவும் போகத் தொடங்கும். எடை குறைந்தது எல்லாம் ஈரம் என்று தவறாக நினைத்துவிடுவோம். அதனால் யூரியாவுக்குக் கார்ல் பிஷர் முறைதான் பொருத்தம். நம் மாதிரியின் ஈரம் 0.42 சதவீதம்.

செரித்தல்

குடுவையில் உள்ள நீரின் மேல் 25 மில்லி அடர் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே விட வேண்டும். குடுவை சூடேறும், அவசரப்படக் கூடாது. பிறகு புகைக்கூண்டுக்குள் சாய்வாக வைத்து இளஞ்சூட்டில் தொடங்க வேண்டும். உள்ளே நடப்பது இது:

CO(NH2)2 + H2SO4 + H2O → (NH4)2SO4 + CO2

யூரியாவில் இருக்கும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் அம்மோனியம் சல்பேட்டாக மாறி அமிலத்திலேயே தங்கிவிடுகின்றன. கரியமில வாயு மட்டும் குமிழ் குமிழாக வெளியேறுகிறது. இந்தக் குமிழிடல்தான் நமக்குக் கிடைக்கும் முதல் அடையாளம். குமிழ்கள் வந்துகொண்டிருக்கும்வரை சூட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் நுரை பொங்கி, துளிகள் கழுத்துக்கு ஏறி, சில சமயம் வெளியேயும் தெறிக்கும். தெறித்த துளி எங்கே போனது என்று தெரியாவிட்டால் அந்தக் குடுவையைக் கைவிட்டு, புதிதாக எடைபோடுவதே நேர்மையான வழி.

குமிழிடல் நின்றதும் சூட்டை உயர்த்த வேண்டும். முதலில் நீர் ஆவியாகும். பிறகு குடுவைக்குள் கனத்த வெண்புகை எழும். நீர் போய், அமிலம் தன் கொதிநிலையை நெருங்குகிறது என்பதற்கு அது அடையாளம். வெண்புகை தொடங்கிய பிறகு ஏறத்தாழ 20 நிமிடம் அப்படியே வைத்திருந்தால் யூரியாவுக்குப் போதும். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவாக இருந்தால் கரைசல் லேசாகப் பழுப்பேறும். அது பூசிய எண்ணெய் கருகுவதால் வருவது. சூட்டில் அந்த நிறம் மெல்ல வெளுத்துவிடும்.

வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள் போன்ற கரிம உரங்களுக்கு இந்த 20 நிமிடம் போதவே போதாது. அவற்றில் நைட்ரஜன் புரதத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்து அமிலத்தின் கொதிநிலையை உயர்த்தி, தாமிர சல்பேட்டை ஊக்கியாகப் போட்டு, கருத்த குழம்பு தெளிந்து இளம்பச்சையாகும்வரை கொதிக்கவிட்டு, தெளிந்த பிறகும் அரை மணிக்கு மேல் விட வேண்டும். தெளிந்தவுடன் நிறுத்திவிடுவதுதான் அங்கே பலரும் செய்யும் தவறு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் பிடிவாதமான சில நைட்ரஜன் சேர்மங்கள் இன்னும் உடையாமல் இருக்கும். அதேபோல, உப்பு மிகுந்து அமிலம் வற்றும்படி விட்டுவிட்டால் சூடு அளவுக்கு மீறி ஏறி, அம்மோனியம் சல்பேட்டே சிதைந்து நைட்ரஜன் காற்றில் போய்விடும். யூரியாவில் இந்தச் சிக்கல்கள் இல்லை என்பதால் ஊக்கியும் தேவையில்லை.

ஆறவிடுவதில் பொறுமை வேண்டும். கொதிக்கும் அமிலத்தில் நீர் பட்டால் வெடிப்பதுபோல் தெறிக்கும். குடுவையை வெறுங்கையால் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, அதைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் நிறுத்தி, சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டுக் கலக்க வேண்டும். அப்போதும் சூடேறும். மீண்டும் ஆறவிட்டு 500 மில்லி அளவுக் குடுவைக்கு மாற்றி, செரிப்புக் குடுவையை நாலைந்து முறை கழுவி, கழுவிய நீரையும் சேர்க்க வேண்டும். கோடு வரை நிரப்புவதற்கு முன் கரைசல் அறையின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். இது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றும். கரைசல் 40 பாகையில் இருக்கும்போது கோடு வரை நிரப்பிவிட்டால், 30 பாகைக்கு ஆறியதும் அது சுருங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கும். 500 மில்லி என்று நாம் நம்புவது உண்மையில் 498-க்குச் சற்று மேல்தான். கரைசல் அந்த அளவுக்குச் செறிவாக இருப்பதால் முடிவு ஏறத்தாழ 0.16 கூடி வரும். 0.65 இடைவெளியில் நாலில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

அமோனியாவை வடித்தல்

இந்த ஆய்வின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். முதலில் வாங்கியை, அதாவது அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும் கூம்புக் குடுவையைத் தயார் செய்துவிட வேண்டும். அதில் 4 சதவீதப் போரிக் அமிலம் 50 மில்லி; கூடவே புரோமோகிரசால் பச்சையும் மெத்தில் சிவப்பும் கலந்த நிறங்காட்டி சில துளிகள். கரைசல் சிவப்புச் சாயையில் இருக்கும். கண்டென்சரின் முனை அந்தக் கரைசலுக்குள் அமிழ்ந்திருக்கும்படி குடுவையை உயர்த்தி வைக்க வேண்டும். முனை மேலே தொங்கினால் முதலில் வரும் அமோனியா, கரைசலைத் தொடாமலே காற்றோடு போய்விடும்.

போரிக் அமிலம் ஏன் என்று கேட்கலாம். கெல்டாலின் காலத்தில் அளந்து எடுத்த வலிய அமிலத்தில் அமோனியாவைப் பிடித்து, மிஞ்சிய அமிலத்தைக் காரத்தால் தரம் பார்த்தார்கள். அதற்கு இரண்டு திட்டக் கரைசல்கள் வேண்டும். இரண்டின் பிழையும் முடிவில் சேரும். 1913-இல் விங்க்லர் என்ற வேதியியலர் போரிக் அமிலத்தைக் கொண்டுவந்தார். அது மிகவும் வலுக்குறைந்த அமிலம். அமோனியாவை அம்மோனியம் போரேட்டாகப் பிடித்து வைக்கும். ஆனால் தான் நிறங்காட்டியின் கண்ணில் அமிலமாகவே படாத அளவுக்கு மென்மையானது. அதனால் பிடிபட்ட அமோனியாவை வலிய அமிலத்தால் நேரடியாகத் தரம் பார்த்துவிடலாம். போரிக் அமிலத்தைத் துல்லியமாக அளக்கவும் தேவையில்லை. 50-க்குப் பதில் 52 மில்லி விழுந்தாலும் முடிவு மாறாது. நம் 50 மில்லியில் இருக்கும் போரிக் அமிலம், வரப்போகும் அமோனியாவைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. போதிய இருப்பு இருக்கிறது.

இனி வடிகுடுவை. அளவுக் குடுவையிலிருந்து 50 மில்லியைப் பிப்பெட்டால் எடுத்து வடிகுடுவையில் விட வேண்டும். அதாவது 1.0124 கிராமில் பத்தில் ஒரு பங்கு, 0.10124 கிராம் யூரியா இப்போது உள்ளே இருக்கிறது. 300 மில்லி நீர், குதித்துக் கொதிக்காமல் இருக்கச் சில துத்தநாகத் துண்டுகள், இரண்டு துளி பினாப்தலீன். பிறகு 40 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல் 25 மில்லி. அந்தப் பங்கில் இருக்கும் அமிலத்தை நடுநிலையாக்க ஏறத்தாழ 9 மில்லி போதும். மீதி காரத்தன்மை தாராளமாக இருப்பதற்காக.

காரத்தை ஊற்றும் விதம் முக்கியம். குடுவையைச் சாய்த்து, கழுத்தின் சுவரோடு மெதுவாக விட்டால், கனமான காரம் அமிலக் கரைசலின் அடியில் போய்த் தனி அடுக்காகத் தங்கும். அப்போது அமோனியா இன்னும் பிறக்கவில்லை. குடுவையை உடனே கண்டென்சரோடு இணைத்து, மூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே சுழற்றிக் கலக்க வேண்டும். கலந்த கணமே அமோனியா விடுபடும். முதலில் கலக்கிவிட்டுப் பிறகு மூட்டைப் பொருத்தினால், மூக்கில் வரும் அந்த நெடி நம் முடிவிலிருந்து கழிந்துபோன நைட்ரஜன்தான். கலந்த பிறகு கரைசல் இளஞ்சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால் காரம் போதவில்லை என்று பொருள். அந்த வடிப்பு பயன்படாது. காரத்தைக் கையாளும்போது கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குப் பெரிய பகை.

குடுவைக்கும் கண்டென்சருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். கொதிக்கும்போது ஆவியோடு சேர்ந்து காரத் துளிகளும் மேலே பறக்கும். அவற்றைத் தடுத்துக் குடுவைக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்தக் குமிழின் வேலை. அது விரிசல் விட்டிருந்தாலோ, சூடு மிகுந்து குடுவை பொங்கினாலோ சோடா வாங்கிக்குள் போய்விடும். நிறங்காட்டிக்குச் சோடாவும் ஒன்றுதான், அமோனியாவும் ஒன்றுதான். முடிவு கூடி வரும். 46.65-க்கு மேல் ஓர் எண் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தக் குமிழைத்தான்.

சூடேற்றியதும் சில நிமிடங்களில் வாங்கியின் சிவப்பு மங்கி, பச்சை பரவும். அமோனியா வந்துவிட்டது. பெரும்பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆனாலும் கடைசிப் பங்கு மெதுவாகவே வரும் என்பதால் 150 முதல் 200 மில்லி வரை வடித்தெடுக்க வேண்டும். இந்த நேரம் முழுவதும் கண்டென்சர் குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் மேல்நிலைத் தொட்டியின் நீர் பிற்பகலில் வெந்நீராகவே வரும். வடிநீர் சூடாக இறங்கி வாங்கியும் சூடேறினால், போரிக் அமிலம் பிடித்த அமோனியாவை இறுகப் பிடித்துக்கொள்ளாது. வாங்கியைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் வடிப்பின் வேகத்தைக் குறைத்து, வாங்கியைப் பனிக்கட்டி போட்ட தட்டில் நிறுத்துவது நல்லது.

முடிந்துவிட்டதா என்பதை அறிய, கண்டென்சர் முனையில் சொட்டும் நீரை ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளில் பிடித்துப் பார்க்கலாம். நீலமாகாவிட்டால் முடிந்தது. எவ்வளவு வடித்தாலும் தாள் விடாமல் லேசாக நீலமாகிக்கொண்டே இருந்தால், செரிப்பு முழுமையாகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். உடையாத யூரியா கொதிக்கும் காரத்தில் மெதுவாகச் சிதைந்து, சொட்டுச் சொட்டாக அமோனியாவைத் தந்துகொண்டிருக்கும். அதே லிட்மஸ் தாளை மூட்டின் ஓரம் காட்டினால் கசிவும் தெரிந்துவிடும்.

நிறுத்தும் வரிசையையும் மாற்றக் கூடாது. முதலில் வாங்கியைத் தாழ்த்தி, முனையைக் கரைசலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் வடியவிட்டால் கண்டென்சரின் உட்புறம் கழுவப்படும். முனையின் வெளிப்புறத்தையும் சிறிது நீரால் கழுவி வாங்கியில் சேர்த்துவிட்டு, அதன் பிறகே அடுப்பை அணைக்க வேண்டும். முனை அமிழ்ந்திருக்கும்போதே அணைத்தால், குடுவைக்குள் ஆவி குளிர்ந்து வெற்றிடம் உண்டாகி, வாங்கியில் உள்ளதையெல்லாம் பின்னுக்கு உறிஞ்சிக்கொள்ளும்.

தரம் பார்த்தல்

பியூரெட்டில் ஏறத்தாழ 0.1 நார்மல் கந்தக அமிலம். ஏறத்தாழ என்று சொன்னாலும், அதன் உண்மையான நார்மாலிட்டி நமக்கு நான்கு தசமம் வரை தெரிந்திருக்க வேண்டும். உலர்த்திய தூய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று அளவீடுகள் கிடைக்கும்வரை அதைத் தரப்படுத்தி, தேதியிட்டுப் புட்டியில் எழுதி ஒட்ட வேண்டும். நம் அமிலம் 0.1018 நார்மல்.

அமிலம் விழ விழப் பச்சை தெளிவாகவே நிற்கும். முடிவுநிலை நெருங்கும்போது சாம்பல் நிறமாகி, அடுத்த ஒரு துளியில் இளஞ்சிவப்பு தட்டும். அந்த முதல் சிவப்பிலேயே நிறுத்த வேண்டும். ஒரு துளி என்பது ஏறத்தாழ 0.05 மில்லி, நம் கணக்கில் அது 0.07 சதவீத நைட்ரஜன். ஒருவர் சாம்பலில் நிறுத்தி, மற்றவர் நல்ல சிவப்பில் நிறுத்தினால், இருவருக்கும் இரண்டு மூன்று துளி வித்தியாசம் வந்துவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, வெற்றுச் சோதனையின் குடுவையை முடிவுநிலைச் சிவப்போடு பக்கத்திலேயே வெள்ளைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு, அந்த நிறத்தோடு ஒப்பிட்டு நிறுத்துவது.

வெற்றுச் சோதனை என்பது யூரியா மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் போட்டு, அதே 20 நிமிடம் புகையவிட்டு, அதே 50 மில்லியை வடித்துத் தரம் பார்ப்பது. அமிலத்திலும் காரத்திலும் நீரிலும் அறைக் காற்றிலும் இருக்கும் அமோனியாவை அது காட்டிக்கொடுக்கும். அமோனியாக் கரைசல் புட்டியைத் திறந்து புழங்கும் அறையிலேயே வடிப்பும் நடந்தால், வெற்றுச் சோதனையின் எண் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்.

நம் மாதிரிக்குப் பியூரெட் காட்டியது 32.95 மில்லி, வெற்றுச் சோதனைக்கு 0.15 மில்லி. வித்தியாசம் 32.80. ஒரு நார்மல் அமிலத்தின் ஒரு மில்லி 14.007 மில்லிகிராம் நைட்ரஜனுக்குச் சமம் என்பதால், சதவீதத்துக்கான கணக்கு இப்படி வரும்:

32.80 × 0.1018 × 1.4007 ÷ 0.10124 = 46.20

இது ஈரத்தோடு சேர்ந்த மாதிரிக்கு. ஈரம் 0.42 சதவீதம் என்பதால் 46.20-ஐ 0.9958-ஆல் வகுத்தால் 46.39. தரை 46.0, கூரை 46.65; நம் எண் நடுவில் இருக்கிறது. இந்த யூரியா தரமானது.

இதே எண்களை வைத்துக்கொண்டு, எது எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்கலாம். வெற்றுச் சோதனையைக் கழிக்க மறந்தால் முடிவு 46.60. கூரைக்குக் கீழேதான் இருப்பதால் சந்தேகமே வராது. மூட்டில் கசிந்து அமோனியாவில் நூற்றுக்கு ஒன்று போயிருந்தால் 45.93. நல்ல உரம் தரமற்றது என்று அறிக்கை போகும். இவற்றையெல்லாம்விட மோசமானது, அமிலத்தைத் தரப்படுத்தாமல் 0.1000 என்றே எடுத்துக்கொள்வது. அப்போது வருவது 45.57. அதிலும் இரட்டைச் சோதனை செய்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்துப்போகும். இரண்டு குடுவைகளின் முடிவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துச் சரி என்று நம்புவது இந்த ஆய்வில் செல்லாது. இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கலாம்.

பிழை எங்கே என்று பிரித்தறிவது

இதற்கு இரண்டு தூய பொருள்கள் ஆய்வகத்தில் இருந்தால் போதும். ஒன்று தூய அம்மோனியம் சல்பேட். அதில் நைட்ரஜன் 21.20 சதவீதம். 0.2200 கிராம் எடைபோட்டு, செரிக்காமல் நேராக வடிகுடுவையில் போட்டுக் காரம் சேர்த்து வடித்தால், 46.64 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்க வேண்டும். ஏறத்தாழ நம் மாதிரிப் பங்கில் இருக்கும் அதே அளவு. கிடைத்ததை இதனால் வகுத்தால் மீட்புச் சதவீதம். மற்றொன்று தூய யூரியா. அதை மாதிரியைப் போலவே செரித்து, வடித்து, தரம் பார்த்தால் 46.65-ஐ ஒட்டி வர வேண்டும்.

அம்மோனியம் சல்பேட் குறைவாக வந்தால் கோளாறு வடிப்பில்: மூட்டு, முனை, கண்டென்சரின் குளிர்ச்சி. அது சரியாக வந்து, தூய யூரியா மட்டும் குறைவாக வந்தால் கோளாறு செரிப்பில் அல்லது கரைசலை மாற்றிக் கழுவியதில். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடியோ குறைந்தோ வந்தால் அமிலத்தின் நார்மாலிட்டியைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். வெற்றுச் சோதனையே அரை மில்லிக்கு மேல் ஏறிக்கிடந்தால், குமிழில் காரம் கடக்கிறது அல்லது நீர் தூய்மையாக இல்லை.

எல்லாம் சரியாக வந்த பிறகும், இந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. யூரியாவைத் தயாரிக்கும்போது சூட்டில் அதன் ஒரு பகுதி பையூரெட் ஆகிவிடுகிறது. பயிருக்கு, அதிலும் இலைவழித் தெளிப்பில், அது கேடு. ஆணை அதற்கு 1.5 சதவீதம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. பையூரெட்டில் உள்ள நைட்ரஜனும் செரிப்பில் அம்மோனியம் சல்பேட்டாகி, நல்ல தழைச்சத்தாகவே கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் பையூரெட்டைத் தாமிரத்தோடு நிறமாக்கித் தனியே அளக்க வேண்டும். இன்னொன்று நைட்ரேட். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் போன்ற உரத்தை யூரியாவைப் போலவே செரித்தால், நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் சூடான அமிலத்தில் ஆக்சைடுகளாகப் பறந்துவிடும். முடிவு அநியாயத்துக்குக் குறையும். அதற்குச் செரிப்பை விட்டுவிட்டு, காரக் கரைசலில் டெவார்டா உலோகக் கலவையைச் சேர்த்து நைட்ரேட்டையும் அமோனியாவாக்கி வடிப்பதே சரியான வழி. மாதிரி எந்த உரம் என்று தெரியாமல் எடைபோடத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் 46.39 என்ற எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அதன் பக்கத்திலேயே அன்றைய வெற்றுச் சோதனை, அமிலத்தைத் தரப்படுத்திய தேதி, அம்மோனியம் சல்பேட் மீட்பு ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். மீட்பு 99.5 சதவீதத்துக்குக் கீழே இருந்த நாளில் எடுத்த எந்த முடிவிலும், அது உரம் தேறிய முடிவானாலும் தேறாத முடிவானாலும், கையெழுத்துப் போடாதீர்கள். மாதிரி இன்னும் புட்டியில் இருக்கிறது, மறுபடி எடைபோடுங்கள்.